சமையல் வீடியோவைத் தமிழாக்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களுக்குத் தமிழ்க் குரலோ வசனவரியோ எழுதித் தருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் ஒரே சமையல் குறிப்பை எடுத்துக்கொண்டேன்: அமெரிக்க வீடுகளில் சாதாரணமாகச் செய்யும் பனானா பிரெட். ஒன்றரை கப் மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு ‘ஸ்டிக்’ உப்பில்லாத வெண்ணெய், அழுத்தி அளந்த முக்கால் கப் பிரவுன் சுகர், இரண்டு பெரிய முட்டை, மூன்று வாழைப்பழம், கால் கப் பட்டர்மில்க், ஒரு டீஸ்பூன் வெனிலா. 9 அங்குல நீளம், 5 அங்குல அகலம் உள்ள தட்டில் 350 டிகிரியில் ஒரு மணி நேரம்.

முதல்ல வசனத்தை மொழிபெயர்த்துட்டு, அளவையெல்லாம் கடைசியா மாத்திக்கலாமா?

தலைகீழாகச் செய்யுங்கள். வசனத்தில் கை வைக்கும் முன் பொருள் பட்டியலைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விஷயங்கள் வேண்டும்: வீடியோவில் சொன்ன அளவு, கிராமிலோ மில்லியிலோ அதன் அளவு, நம் ஊரில் கிடைக்காவிட்டால் என்ன செய்வது. இந்தத் தாள் முடிந்த பிறகுதான் வசனம். இல்லாவிட்டால் இரண்டாம் நிமிடத்தில் ‘கால் கப் தயிர்’ என்று எழுதிவிட்டு, ஏழாம் நிமிடத்தில் அதையே ‘மோர்’ என்று எழுதுவீர்கள்.

அடுத்து, சத்தத்தை நிறுத்திவிட்டு வீடியோவை ஒருமுறை பாருங்கள். சமைப்பவர் வாயால் சொல்லாத அளவுகள் கையில் தெரியும். ‘கொஞ்சம் உப்பு’ என்று சொல்லிக்கொண்டே அரை டீஸ்பூன் போடுகிறவர்கள் உண்டு. ‘இரண்டு வாழைப்பழம்’ என்று சொல்லிவிட்டு மூன்றை உரிப்பவர்களும் உண்டு. காதும் கண்ணும் முரண்பட்டால் சேனல்காரரிடம் கேளுங்கள். கேட்க வழியில்லை என்றால், வீடியோவின் கீழே எழுத்தில் கொடுத்திருக்கும் குறிப்பை நம்புங்கள்.

ஒரு கப்புன்னா எத்தனை மில்லி? ஒவ்வொரு இடத்துல ஒவ்வொண்ணு போட்டிருக்கே?

சமைப்பவர் எந்த நாட்டுக்காரர் என்பதைப் பொறுத்தது. அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லி; நடைமுறையில் 240 என்று வைத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஜப்பானியச் சமையல் குறிப்புகளில் கப் என்றால் 200 மில்லி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் அளவுக் கப் பெரும்பாலும் 240 அல்லது 250, அடியில் அச்சடித்திருக்கும்.

240க்கும் 250க்கும் உள்ள வித்தியாசம் பெரிதாகப் படுத்தாது. எல்லாப் பொருளையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறுவதில்லை. முட்டை, தட்டு மாதிரி கப்பால் அளக்காதவைதான் கப்போடு சேர்ந்து பெரிதாகாது. 200 மில்லிக் கப்பை 240 என்று எண்ணி எழுதினால்தான் சிக்கல். மாவு ஐந்தில் ஒரு பங்கு கூடிப்போகும்.

எங்க அம்மா மாதிரி டம்ளர், ஆழாக்குன்னு சொன்னா மக்களுக்குச் சுலபமா புரியுமே?

சாதம், குழம்பு, உப்புமா என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அங்கே ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்ற விகிதம்தான் முக்கியம். கேக்கில் வேண்டாம். டம்ளர் வீட்டுக்கு வீடு மாறும், ஆழாக்கும் படியும் ஊருக்கு ஊர் மாறும்.

இதில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் கப் வழக்கமாக 180 மில்லி. வீட்டில் ‘கப்’ என்று இருப்பது அது ஒன்றுதான் என்றால், பார்ப்பவர் அதைத்தான் எடுப்பார். ஆகவே வீடியோவின் தொடக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்: ‘இதில் ஒரு கப் என்பது 240 மில்லி. குக்கர் கப் வேண்டாம்.’

கப்பைக் கிராமா மாத்தியே ஆகணுமா? மாவு ஒரு கப் 120ன்னு ஒருத்தர், 150ன்னு இன்னொருத்தர் சொல்றாங்க.

இருவர் சொல்வதும் சரி. மாவைக் கரண்டியால் அள்ளிக் கப்பில் தூவி, மேலே கத்தியால் வழித்தால் ஒரு அமெரிக்கக் கப் 120 முதல் 125 கிராம். கப்பை அப்படியே மாவுப் பைக்குள் விட்டு அள்ளினால் மாவு இறுகி 140, 150 வரைக்கும் போகும். ஒன்றரை கப்புக்கு இந்த வித்தியாசம் 40 கிராமை எட்டிவிடும். ஈரமாக இருக்க வேண்டிய பனானா பிரெட் வறண்டு, மேலே ஆழமாக வெடிப்பதற்கு அதுவே போதும்.

எந்த எண்ணை எடுப்பது என்பதற்குச் சாட்சி வீடியோவிலேயே இருக்கிறது: அவர் எப்படி அள்ளுகிறார் என்று பாருங்கள். தூவி வழித்தால் 1½ கப்புக்கு 190 கிராம் என்று எழுதுங்கள். பைக்குள் விட்டு அள்ளினால் 210 என்று எழுதலாம். அந்தக் காட்சியே இல்லை என்றால் 190ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாவு சற்றுக் குறைந்தால் பிரெட் இன்னும் மென்மையாகும், கூடினால் திருத்த முடியாது.

எடையாக மாற்றும்போது 187.5 என்றெல்லாம் எழுதாதீர்கள். வீட்டுத் தராசுக்கு 190 போதும். ஆனால் சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, மசாலா ஆகியவற்றைக் கிராமாக்க வேண்டாம். ஐந்து கிராமைச் சரியாகக் காட்டும் தராசு பெரும்பாலான வீடுகளில் இல்லை. அவை டீஸ்பூனிலேயே இருக்கட்டும்.

டீஸ்பூன், டேபிள்ஸ்பூன்: தமிழ்ல எப்படி எழுதறது?

எழுத்தில் தேக்கரண்டி, மேசைக்கரண்டி என்பது பழகிய வழக்கம். குரலில் டீஸ்பூன், டேபிள்ஸ்பூன் என்பதே தெளிவு. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன் மட்டும் 20. ‘ஸ்பூன்’ என்று மொட்டையாக எங்கும் எழுதாதீர்கள்.

மூல வசனத்தில் சுருக்கமாகப் பெரிய எழுத்து T என்றால் டேபிள்ஸ்பூன், சிறிய எழுத்து t என்றால் டீஸ்பூன். அவசரத்தில் மாறினால் அளவு மூன்று மடங்காகும். சர்க்கரையில் மாறினால் தப்பித்துக்கொள்ளலாம். சோடாவில் மாறினால் சோப்புச் சுவை வந்து மொத்தமும் குப்பைக்குப் போகும்.

அவுன்ஸ்னு ஒண்ணு வருது. 8 அவுன்ஸ் 227 கிராமா, 237 மில்லியா?

இரண்டும் உண்டு. எடை அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். திரவ அவுன்ஸ் அமெரிக்காவில் 30 மில்லிக்குச் சற்றுக் குறைவு. கிரீம் சீஸ், சாக்லேட், இறைச்சி, பாஸ்தா என்றால் எடை. பால், கிரீம், தண்ணீர் என்றால் கொள்ளளவு. தண்ணீருக்கும் பாலுக்கும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வருவதால் குழப்பம் வெளியே தெரிவதில்லை. தேனில் தெரிந்துவிடும்: ஒரு கப் தேன் 8 திரவ அவுன்ஸ்தான், ஆனால் எடை 12 அவுன்ஸ், அதாவது 340 கிராம்.

‘ஒரு டின் தக்காளி’ என்று வந்தால் அமெரிக்காவில் அது பொதுவாக 14.5 அவுன்ஸ், கிட்டத்தட்ட 410 கிராம். இங்கே ‘நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், தோல் உரித்து நறுக்கியது’ என்று எழுதினால் போதும். டின் தக்காளி ஏற்கெனவே பாதி வெந்தது என்பதால் அடுப்பில் கூடுதலாகப் பத்து நிமிடம் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒரு ஸ்டிக் வெண்ணெய்னா என்ன? இங்க கிடைக்கிற உப்பு வெண்ணெயைப் போடலாமா?

அமெரிக்காவில் வெண்ணெய் நீளக் கட்டிகளாகத் தனித்தனியே சுற்றி வரும். ஒரு கட்டி அரை கப், 113 கிராம். ‘ஒரு கட்டி வெண்ணெய்’ என்று தமிழில் எழுதினால் இங்கே 100 கிராம் பாக்கெட்டையோ 500 கிராம் பாக்கெட்டையோ நினைப்பார்கள். ஆகவே எடையைச் சொல்லுங்கள்: 113 கிராம். 110 என்று சொன்னாலும் பாதகமில்லை.

கடையில் பரவலாகக் கிடைப்பது பிரெட்டில் தடவும் உப்பு வெண்ணெய். அதைப் போடலாம், குறிப்பில் உள்ள அரை டீஸ்பூன் உப்பை முழுதாக விட்டுவிடச் சொல்லுங்கள். வீட்டில் கடைந்த வெண்ணெய் என்றால் அதில் நீர் நிறைய இருக்கும். உருக்கியபின் மேலே தெளிந்த பகுதியை 100 மில்லி அளவுக்கு எடுத்தால் சரியாக வரும். நெய்யும் ஆகும், ஆனால் வாசனை தூக்கலாக வந்து வாழைப்பழத்தை அமுக்கிவிடும். நான் நெய்யைப் பரிந்துரைப்பதில்லை; அதைவிட 90 கிராம் சமையல் எண்ணெய் மேல்.

350 டிகிரின்னு சொல்றாரு. எங்க ஓடிஜியில 250க்கு மேல இல்லையே!

அவர் சொல்வது ஃபாரன்ஹீட். 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுத்தால் செல்சியஸ். 350க்கு 176.7 வரும், திருகில் 180 வைக்கச் சொல்லுங்கள். 325 என்றால் 160 சொச்சம், 400 என்றால் 200. வசனத்தில் ‘350 டிகிரி’ என்ற எண்ணையே எடுத்துவிடுங்கள். இரண்டையும் சொன்னால் கேட்பவர் மனதில் முதலில் கேட்ட எண்தான் நிற்கும். திரையில் அவர் ஓவன் 350 என்று காட்டினால் மட்டும் பக்கத்தில் ‘180 செல்சியஸ்’ என்று எழுத்தில் போடுங்கள்.

காற்றாடி ஓடும் கன்வெக்ஷன் ஓவன் என்றால் 20 டிகிரி குறைத்து 160. குறைக்காவிட்டால் முதல் அரை மணியிலேயே மேற்பகுதி கருக்கத் தொடங்கும், நடுவில் குச்சி விட்டால் மாவு ஒட்டிக்கொண்டு வரும். இந்த அடையாளத்தை ஒரு வரியாகச் சேர்ப்பது, இன்னும் பத்து நிமிடக் கணக்கைச் சொல்வதைவிடப் பயன்.

ஓவனே இல்லாதவங்க? குக்கர்ல செய்யறதுக்கு எப்படி மாத்தி எழுதறது?

முதலில் தட்டு. 9க்கு 5 அங்குல நீளத் தட்டு குக்கருக்குள் போகாது. அதில் ஏறக்குறைய 1.9 லிட்டர் கொள்ளும். 7 அங்குல விட்டமும் 3 அங்குல உயரமும் உள்ள வட்டத் தட்டிலும் அதே அளவு கொள்ளும், ஆகவே மாவின் அளவை மாற்ற வேண்டியதில்லை. தட்டு 2 அங்குல உயரம்தான் என்றால் மாவு வழியும். பாதியை இரண்டாவது தட்டில் ஊற்றச் சொல்லுங்கள்.

அடிகனமான பெரிய பாத்திரத்திலோ குக்கரிலோ உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்க வேண்டும். குக்கர் என்றால் கேஸ்கெட்டும் வெயிட்டும் இருக்கக் கூடாது. இதைக் குரலிலும் எழுத்திலும் இரண்டு இடத்தில் சொல்லுங்கள், பாதுகாப்பு விஷயம். தட்டை வைத்தபின் தீ சிறிதாக. இந்த முறையில் டிகிரி என்று ஒன்றும் கிடையாது, நேரமும் வீட்டுக்கு வீடு மாறும். ‘50 நிமிடத்தில் குச்சி விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள்’ என்பதுதான் நேர்மையான வரி. மேல்புறம் ஓவனில்போல் சிவக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ‘வெள்ளையாவே இருக்கு’ என்று கமெண்ட் வந்துகொண்டே இருக்கும்.

மூணு வாழைப்பழம்னா எந்தப் பழம்?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. அமெரிக்கக் கடையில் வாழைப்பழம் என்றால் நடைமுறையில் ஒரே வகைதான், கேவண்டிஷ். இங்கே பச்சை வாழைப்பழம், மோரிஸ் என்று விற்கும் நீளப் பழங்கள் அந்த இனத்தைச் சேர்ந்தவை. உரித்தால் ஒன்று சுமார் 115 கிராம், மூன்றுக்கு 350 கிராம். நம் வீட்டில் தட்டில் கிடப்பது ஏலக்கியாக இருந்தால் மூன்று பழம் கால்வாசிக்கும் கொஞ்சம் மேலேதான் வரும். அப்புறம் மாவு கட்டியாக நிற்கும், பார்ப்பவர் பாலை ஊற்றித் தளர்த்துவார், அங்கிருந்து எல்லாம் தடம் மாறும்.

ஆகவே ‘உரித்த பழம் 350 கிராம், மசித்தால் ஒன்றரை கப்’ என்று எழுதுங்கள். ரஸ்தாளியும் ஏலக்கியும் நன்றாக வரும். பூவன் லேசான புளிப்போடு இன்னும் நன்றாக இருக்கும். நேந்திரம் மாவுத்தன்மை அதிகம் உள்ளது. தோல் முழுக்கக் கறுத்துப் பழுத்திருந்தால் மட்டும், அதுவும் இரண்டு டேபிள்ஸ்பூன் கூடுதல் தயிரோடு. மலைப்பழத்தின் விலைக்கு இதில் போடுவது வீண்.

பட்டர்மில்க்னா மோர்தானே?

அகராதிப்படி சரி, அடுப்பங்கரைப்படி இல்லை. அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் விற்பது பாலைப் புளிக்கவைத்துச் செய்த, ஊற்றக்கூடிய தயிர் மாதிரியான கெட்டித் திரவம். நம் மோரில் பெரும்பங்கு தண்ணீர். மோரை அப்படியே போட்டால் ஈரம் வரும், புளிப்பும் கொழுப்பும் வராது.

மாற்று சுலபம்: முக்கால் பங்கு கெட்டித் தயிர், கால் பங்கு தண்ணீர். நம் குறிப்பின் கால் கப்புக்கு மூன்று டேபிள்ஸ்பூன் தயிர், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர். ஒருநாள் புளித்த தயிர் புதுத் தயிரைவிட நல்லது. காரணம் அடுத்த பதிலில். தயிரே இல்லை என்றால் கால் கப் பாலில் முக்கால் டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் வைக்கலாம்.

பேக்கிங் சோடா இல்லேன்னா பேக்கிங் பவுடர்னு போட்டுடலாமா? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. பேக்கிங் சோடா என்பது நாம் ஆப்ப சோடா, சமையல் சோடா என்று வாங்குவதே. அது பொங்கப் புளிப்பு வேண்டும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பும் சேர்த்தே இருக்கிறது, அதனால் ஈரமும் சூடும் போதும். வேகம் சோடாவில் மூன்றில் ஒரு பங்கு. நம் குறிப்பில் ஒரு டீஸ்பூன் சோடாவுக்குப் பதில் மூன்று டீஸ்பூன் பவுடர் வேண்டும்.

மாற்றுப் பொருள் எழுதுகிறவர் எப்போதும் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். குறிப்பில் சோடா இருந்தால், அதற்கு எதிரான புளிப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இங்கே தயிர், பழம், பிரவுன் சுகரில் உள்ள கரும்புப் பாகு மூன்றும் அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பட்டர்மில்க்குக்குப் பதில் வெறும் பால், பிரவுன் சுகருக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரை, பூவனுக்குப் பதில் புளிப்பே இல்லாத பழம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால், தனித்தனியாகப் பார்க்கையில் எல்லா மாற்றும் சரியாகத் தோன்றும். சேர்ந்தபின் சோடா தனியே நின்றுவிடும். பிரெட் பழுப்பேறி, நாக்கில் சோப்பு மாதிரி கசக்கும். இத்தனை மாற்றும் தேவை என்றால் சோடாவைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்க்கச் சொல்லுங்கள்.

பிரவுன் சுகருக்கு வெல்லம் போடச் சொல்லலாமா?

நாட்டுச் சர்க்கரை போடச் சொல்லுங்கள். அழுத்தி அளந்த முக்கால் கப் என்பது 160 கிராம். நாட்டுச் சர்க்கரையும் அதே எடை. கட்டிகளை உதிர்த்துச் சலித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெந்தபின் கரும்புள்ளிகளாக நிற்கும்.

அச்சு வெல்லத்தில் மண் இருக்கும், கரைத்து வடிகட்ட வேண்டும். கரைக்க ஊற்றும் தண்ணீர் மாவுக்குள் போகிறதே, அதுதான் தொல்லை. மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்தால், பட்டர்மில்க் பதிலில் சொன்ன தயிர்க் கரைசலில் தண்ணீரை விட்டுவிட்டு தயிரை மட்டும் போட்டு ஓரளவு ஈடுகட்டலாம். பாகு நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடாக இருந்தால் முட்டை வெந்து திரியும்.

முட்டை இல்லாம செய்யச் சொல்லி நிறையப் பேர் கேக்கறாங்க. அந்த வரியை நானே சேர்க்கலாமா?

இந்தக் குறிப்பில் சேர்க்கலாம், ஏனென்றால் வாழைப்பழமே பாதி பிணைப்பைத் தருகிறது. ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர், இரண்டு முட்டைக்கு அரை கப். வேகப் பத்து நிமிடம் கூடும், பதம் சற்றுக் கனமாக இருக்கும். முட்டைக்குப் பதில் இன்னொரு பழம் என்று எழுதாதீர்கள். நடுவில் களி மாதிரி ஆகிவிடும். முட்டை உண்டு என்றால் அமெரிக்கப் ‘பெரிய’ முட்டை ஓடு நீக்கி 50 கிராம். நாட்டுக்கோழி முட்டையாக இருந்தால் இரண்டுக்கு மூன்று.

எல்லாக் குறிப்புக்கும் இது செல்லாது. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து உப்பவைக்கும் கேக்கில் முட்டைதான் கட்டடம். தயிர் அந்த வேலையைச் செய்யாது. அங்கே ‘முட்டையில்லாமல் இது வராது’ என்று எழுதுவதுதான் உதவி.

ஹெவி கிரீமுக்குப் பாக்கெட் கிரீம்னு எழுதிடட்டுமா?

எதற்கு என்று பாருங்கள். சூப், பாஸ்தா, குருமா மாதிரியானவற்றுக்கு ஆகும். அடுப்பை அணைத்தபின் சேர்க்கச் சொல்லுங்கள். அடித்து நுரைத்து மேலே அலங்கரிப்பதற்கு ஆகாது. அமெரிக்க ஹெவி கிரீமில் கொழுப்பு 36 சதவீதத்துக்குக் குறையாது. இங்கே சிறு பாக்கெட்டில் வருவதில் 25 சதவீத அளவு. அதை எவ்வளவு அடித்தாலும் நிற்காது. பேக்கரிப் பொருள் கடையில் விப்பிங் கிரீம் கிடைக்கும். அது பெரும்பாலும் ஏற்கெனவே இனிப்புச் சேர்த்தது, ஆகவே குறிப்பில் உள்ள பொடிச் சர்க்கரையைச் சேர்க்க வேண்டாம் என்ற வரியும் கூடவே போக வேண்டும்.

பேரைப் பார்த்தா தெரிஞ்ச பொருள் மாதிரியே இருக்கு, ஆனா வேறயா இருக்குன்னு சொல்றீங்களே, வேற எதெது?

இரண்டு பொருள்கள் அதிகம் கவிழ்க்கும். அமெரிக்கர் சொல்லும் ‘கார்ன் ஸ்டார்ச்’தான் நம் கடையில் கார்ன் ஃபிளார், சோள மாவு என்று விற்கும் வெள்ளைப் பொடி. அவர் ‘கார்ன் ஃபிளார்’ என்றால் மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவு. குழம்பைக் கெட்டியாக்க முதலாவது, ரொட்டிக்கு இரண்டாவது. பிரிட்டிஷ் வீடியோ என்றால் நம் வழக்கம்தான்.

அடுத்தது ‘சில்லி பவுடர்’. அமெரிக்கச் சமையலில், குறிப்பாகப் பீன்ஸும் கறியும் போட்டுக் கொதிக்கவைக்கும் ‘சில்லி’யில், அது காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், பூண்டு, ஆரிகானோ கலந்த மசாலாப் பொடி. இரண்டு டேபிள்ஸ்பூன் என்பார்கள். அதையே குண்டூர் மிளகாய்த்தூளில் போட்டால் வாயில் வைக்க முடியாது. ஒரு டேபிள்ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு டீஸ்பூன் சீரகத்தூள், பூண்டுத்தூளும் ஆரிகானோவும் அரை அரை டீஸ்பூன் என்று பிரித்து எழுதுங்கள். ஆரிகானோ இல்லாவிட்டால் கற்பூரவல்லி இலை ஒன்றிரண்டு பொடியாக நறுக்கியது; இரண்டுக்கும் வாசனைச் சத்து நெருக்கம்.

இவ்வளவும் சொன்னா வசனம் நீண்டுடுதே. அவர் நாலு செகண்ட்ல ஊத்திட்டுப் போயிடறார்.

அதனால்தான் எல்லாவற்றையும் குரலில் திணிக்கக் கூடாது. குரலில் பொருளும் அளவும் மட்டும். மாற்று திரையின் ஓரத்தில் எழுத்தாக. காரணமும் விரிவும் வீடியோவின் கீழே. பட்டர்மில்க் ஊற்றும் காட்சிக்குக் குரல், ‘கால் கப் தயிர்க் கரைசல்’. திரையில் அவர் பட்டர்மில்க் டப்பாவைக் காட்டுவதால் வசனவரி இப்படி:

```
14
00:02:11,000 --> 00:02:15,500
பட்டர்மில்க் ¼ கப் (மோர் அல்ல)
தயிர் 3 + தண்ணீர் 1 டேபிள்ஸ்பூன்
```

குக்கர் முறை மாதிரி நீளமானது ஊற்றும் காட்சிக்குள் அடங்காது. பிரெட் வேகும்போது காட்டும் வேகமாக ஓடும் காட்சியில் பெரும்பாலும் பேச்சிருக்காது. அந்த இடம் உங்களுக்கு.

பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?

குரலுக்குப் பேச்சு: ‘வெண்ணெய உருக்கி ஆற வச்சுக்கோங்க’. வட்டார வழக்கு அழுத்தமாக வேண்டாம். மதுரைக்காரர் குரல் கொடுத்தால் அவர் வாய்க்கு வருகிறபடி திருத்திக்கொள்வார். வசனவரிக்கும் கீழே வரும் குறிப்புக்கும் எழுத்து நடை, சுருக்கமாக. கிராமும் டிகிரியும் எண்ணிலேயே இருக்கட்டும்.

நான் சேர்த்த மாற்றெல்லாம் சமைக்கிறவர் சொன்ன மாதிரி ஆயிடாதா?

ஆகிவிடும். ஆகவே கீழே வரும் குறிப்பில் அவர் சொன்ன பட்டியல் தனியாக, உங்கள் மாற்றுகள் ‘தமிழாக்கக் குறிப்பு’ என்ற தலைப்பில் தனியாக. குரலிலும் ‘நான் தயிர் போடுவேன்’ என்று அவர் வாயில் வைக்காதீர்கள். ‘தயிரும் போடலாம்’ என்றால் போதும். வால்நட்டுக்கு முந்திரி மாதிரி மாற்றும்போது, கொட்டைப் பருப்பு ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஆகாது என்று சேர்த்து எழுதுங்கள்.

அனுப்பறதுக்கு முன்னாடி நானே சமைச்சுப் பார்க்கணுமா?

நீங்கள் வேண்டாம், மூல வீடியோவைப் பார்க்காத ஒருவர் சமைக்கட்டும். உங்களுக்கு விடுபட்டது எல்லாம் மனதில் இருக்கும், கை தானாகச் சரிசெய்துவிடும். அவரிடம் தமிழ்க் குறிப்பை மட்டும் கொடுங்கள், பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். எந்த வரியில் நிறுத்தி உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள். முழு வீடியோவுக்கும் நேரமில்லை என்றால், ஒரே குறிப்பில் மூன்றுக்கு மேல் பொருள் மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சோடாவைப் பற்றிச் சொன்ன காரணத்தால் அப்படிப்பட்ட குறிப்பை மட்டும் சமைக்காமல் அனுப்பவே கூடாது.